ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது: கிளையிலிருந்து நோடல் அதிகாரி வரை புகாரைக் கொண்டுபோவது எப்படி

மார்ச் 3, சாயங்காலம் ஆறே கால். வேறு வங்கியின் ஏடிஎம்மில் பத்தாயிரம் ரூபாய் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் நன்றாகக் கேட்டது. பணம் வரும் வாயின் மூடி லேசாக அசைந்தது, திறக்கவில்லை. திரையில் மன்னிப்புக் கேட்டுவிட்டு மெஷின் கார்டைத் துப்பியது. நான் வாசலுக்கு வருவதற்குள் பத்தாயிரம் கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

அந்தப் பணம் ஏப்ரல் 14-ஆம் தேதிதான் திரும்பி வந்தது. அத்தனை நாள் ஆனதற்குப் பாதிக் காரணம் வங்கி. மீதிப் பாதி, எந்தப் படியில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. அந்த மீதிப் பாதியை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஏடிஎம்மில் கணக்கு கழிந்து பணம் வராமல் போனால், நடந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பிப் போட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இங்கே நாள் என்பது காலண்டர் நாள். கஸ்டமர் கேரில் 'ஏழு வேலை நாள்' என்று சொன்னால், அது அவர்களுடைய வசதிக்கான கணக்கு.

1. அன்று இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்லிப் வந்திருந்தால் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் இருக்கும் எழுத்து சில வாரத்தில் மங்கிப்போகும். எனக்கு ஸ்லிப் வரவில்லை. கழிந்ததாக வந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட், கணக்கு அறிக்கையில் அந்த ஒரு வரி இருக்கும் பக்கம், இவை இரண்டும் போதுமானதாக இருந்தது. அறிக்கையின் அந்த வரியில் நீளமான எண் ஒன்று இருக்கும். பரிவர்த்தனையைத் தேடிக் கண்டுபிடிக்க வங்கிக்கு அதுதான் சாவி, தனியாக எழுதி வையுங்கள்.

ஏடிஎம் இருக்கும் இடத்தையும் ஒரு போட்டோ எடுங்கள். மெஷினின் மேலோ சுவரிலோ அதன் அடையாள எண் ஒட்டியிருக்கும். நான் மறுநாள் அதற்காகவே திரும்பிப் போனேன். அதே தெருவில் அதே வங்கிக்கு இரண்டு மெஷின் இருந்தது, எந்த மெஷின் என்ற கேள்வி பின்னால் உண்மையாகவே வந்தது.

மெஷின் முன்னால் இரண்டு நிமிஷம் நிற்பதும் நல்லது. சில சமயம் மூடி தாமதமாகத் திறக்கும். நீங்கள் நகர்ந்த பிறகு நோட்டு வெளியே வந்து அடுத்தவர் எடுத்துக்கொண்டு போனால், மெஷினின் பதிவில் 'பணம் எடுக்கப்பட்டது' என்று இருக்கும். அப்படி ஒரு பதிவு இருந்தால் நான் கீழே சொல்லும் எந்தப் படியும் பெரிதாக உதவாது.

2. யாரிடம் புகார்: உங்கள் வங்கியிடம்தான்

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். என் கிளையில் போய்ச் சொன்னதும், 'அந்த ஏடிஎம் எங்களது இல்லையே சார், அவங்க பேங்க்ல போய்க் கேளுங்க' என்றார்கள். போனேன். அங்கே, 'உங்க கணக்கு எங்ககிட்ட இல்லையே' என்றார்கள். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். நான்கு நாள் போனது.

கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் கொடுக்க வேண்டும். ஏடிஎம் யாருடையதாக இருந்தாலும் சரி. உங்கள் வங்கி, வங்கிகளின் ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்கும் என்பிசிஐ வலையமைப்பு வழியாக ஏடிஎம் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கும். அந்த வங்கி மெஷினின் பதிவைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளும், அல்லது 'பரிவர்த்தனை வெற்றி' என்று பதில் போடும். இது முழுக்க இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் நடப்பது, நீங்கள் தபால்காரர் வேலை பார்க்கத் தேவையில்லை.

3. முதல் படி: போனோடு நிறுத்தாமல் எழுத்தில் கொடுங்கள்

கஸ்டமர் கேருக்கு அன்றே போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்து எட்டு நாள் காத்திருந்தேன். மார்ச் 11 அன்று எஸ்எம்எஸ்: பரிவர்த்தனை வெற்றி, புகார் முடிக்கப்பட்டது.

போன் புகார் கூடாது என்று சொல்லவில்லை, எண் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பின்னால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன் வரை போக வேண்டி வந்தால், 'வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்தாயா, 30 நாள் ஆயிற்றா' என்றுதான் முதலில் பார்ப்பார்கள். மின்னஞ்சலும் வங்கியின் இணையப் படிவமும் எழுத்துக் கணக்கில் சேரும். வெறும் போன் பேச்சை நம்பி அங்கே போய் நிற்க முடியாது.

நான் எழுத்தில் கொடுத்தது மார்ச் 16. போன் செய்த அன்றே ஒரு மின்னஞ்சலும் தட்டியிருந்தால் அந்த 30 நாள் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்திருக்கும். பதின்மூன்று நாளை நானே கைவிட்டேன்.

கிளையில் நேரில் கொடுத்தால் இரண்டு பிரதி கொண்டு போங்கள். ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். 'உள்ளே கொடுத்துடறேன், போங்க' என்று சொன்னாலும் சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள். எனக்கு இருபது நிமிஷம் ஆனது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நான் எழுதியதன் சாரம் இது:

> என் கணக்கு எண் ____. மார்ச் 3 அன்று மாலை 6.15 மணியளவில் ____ எண்ணுள்ள ஏடிஎம்மில் ரூ. 10,000 எடுக்க முயன்றேன். பணம் வெளிவரவில்லை, கணக்கில் கழிந்தது. பரிவர்த்தனை எண் ____. தொலைபேசிப் புகார் எண் ____, மார்ச் 11 அன்று காரணம் விளக்கப்படாமல் முடிக்கப்பட்டது.
>
> நான் கேட்பது: (1) ரூ. 10,000 திரும்ப வரவு. (2) மார்ச் 8-க்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 இழப்பீடு. (3) அந்த நேரத்துக் கேமரா பதிவை அழியாமல் பாதுகாக்க ஏடிஎம் வங்கிக்குத் தெரிவிப்பது.

மூன்றாவது கோரிக்கையை முதல் கடிதத்திலேயே போடுங்கள். கேமரா பதிவு நிரந்தரமாக இருக்காது, நாளாவட்டத்தில் மேலே புதுசு ஏறிவிடும். கார்டு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் போதும். பின், ஓடிபி, கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம் எதையும் எந்தக் கடிதத்திலும் எழுதக் கூடாது.

4. 'புகார் முடிக்கப்பட்டது' என்று வந்தால்

இங்கே நிறையப் பேர் கோபத்தில் மறுபடி போன் செய்து புதுப் புகார் எண் வாங்குகிறார்கள். புது எண் என்றால் வங்கியின் கணக்கில் அது புதுப் புகார், நாள் எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து தொடங்கும். இப்படி நாலு எண் வைத்திருந்த ஒருவரைக் கிளையில் பார்த்தேன். நாலுமே 'முடிந்தது'.

பழைய எண்ணையே மறுபடி திறக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் புதுசு வாங்காமல் நேரே அடுத்த படிக்குப் போங்கள், பழைய எண்ணையும் தேதியையும் மேற்கோள் காட்டி.

இன்னொன்று. 30 நாள் என்பது படிக்கு 30 நாள் இல்லை. வங்கி முழுவதற்கும் சேர்த்து ஒரே 30 நாள், வங்கிக்கு உங்கள் எழுத்துப் புகார் கிடைத்த நாளிலிருந்து. கிளைக்கு ஒரு மாதம், கிளைக்கு மேலே வட்டாரப் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு ஒரு மாதம் என்று காத்திருந்தால் அது நீங்களாகப் போட்டுக்கொண்ட விலங்கு. நான் கிளைக்குப் பத்து நாள் கொடுத்தேன்.

5. நோடல் அதிகாரியைக் கண்டுபிடிப்பது

வங்கியின் இணையதளத்தில் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், Grievance Redressal என்று ஒரு இணைப்பு இருக்கும். அதற்குள் ஒரு பிடிஎஃப் பட்டியல்: வட்டார வாரியாக நோடல் அதிகாரிகள், அவர்களுக்கு மேலே முதன்மை நோடல் அதிகாரி, பெயர், மின்னஞ்சல், முகவரி. வங்கிக்கு வங்கி படிகளின் பெயர் கொஞ்சம் மாறும், மேலே இருப்பவர் முதன்மை நோடல் அதிகாரிதான். கிளையிலும் அவருடைய விவரம் ஒட்டியிருக்க வேண்டும். என் கிளையில் அது நாட்காட்டிக்குப் பின்னால் இருந்தது.

எந்த வட்டாரம் என்பதில் குழம்ப வேண்டாம். உங்கள் கணக்கு இருக்கும் கிளை எந்த வட்டாரத்தில் வருகிறதோ, அந்த அதிகாரி. ஏடிஎம் எங்கே இருந்தது என்பதை வைத்து இல்லை.

தேடுபொறியில் வங்கிப் பெயரோடு 'நோடல் அதிகாரி எண்' என்று தட்டி, முதலில் வரும் செல்போன் எண்ணுக்குப் பேசாதீர்கள். பணம் போய்ப் பதறி நிற்பவர்களுக்காகவே போலி எண்களை அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கியின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். நிஜ நோடல் அதிகாரி உங்கள் ஓடிபியைக் கேட்கமாட்டார், போனில் எந்தச் செயலியும் ஏற்றச் சொல்லமாட்டார். சொல்லப்போனால் அவர் போனில் கிடைப்பதே அபூர்வம்.

6. நோடல் அதிகாரிக்கு என்ன எழுதுவது

மார்ச் 26 அன்று மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பினேன். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. புகாருக்கு எந்தப் படியிலும் கட்டணம் கிடையாது. கிளைக்குத் தமிழில் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். மேலே போன கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன், படிப்பவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது என்பதால்.

நடந்த கதையை மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டாம். தேதிப் பட்டியல் ஐந்து வரி, முத்திரை போட்ட கடிதத்தின் நகல், மூடிய புகாரின் எஸ்எம்எஸ், அறிக்கைப் பக்கம். அவ்வளவுதான். நான் அப்படித்தான் அனுப்பினேன், இருந்தாலும் ஏப்ரல் 4 அன்று வந்த பதில் பழைய பல்லவி: ஏடிஎம் வங்கியின் தகவல்படி பரிவர்த்தனை வெற்றி.

அப்போதுதான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, 'வெற்றின்னு சொல்றான், சரி. எதை வெச்சுச் சொல்றான்னு கேட்டியா?' என்றார். நான் கேட்கவே இல்லை. பணம் கொடு, பணம் கொடு என்றுதான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டியது இரண்டு காகிதம்.

ஒன்று, அந்தப் பரிவர்த்தனைக்கான மெஷின் பதிவு. எலக்ட்ரானிக் ஜர்னல் என்பார்கள், வங்கிக்காரர்கள் வாயில் 'இஜே லாக்'. மெஷின் ஒவ்வொரு நொடியும் என்ன செய்தது என்று தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. எந்தப் பெட்டியிலிருந்து எத்தனை நோட்டு எடுத்தது, வாயருகே கொண்டுபோனதா, வாடிக்கையாளர் எடுத்தாரா, நடுவில் பிழை ஏதும் வந்ததா, எல்லாம் இருக்கும்.

இரண்டு, அந்த மெஷினில் அடுத்த முறை பணம் நிரப்பியபோது எடுத்த இருப்புக் கணக்கு. மெஷின் 'கொடுத்துவிட்டேன்' என்று சொன்ன தொகைக்கும் உள்ளே நிஜமாக இருந்த நோட்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதில் மிகைப் பணம் என்று காட்டும். உங்களுக்கு வராத பத்தாயிரம் உள்ளேயே சிக்கிக் கிடந்தால், யாரோ ஒருவர் அதை எண்ணி எழுதியிருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் நோடல் அதிகாரிக்கான முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். நகல் கொடுக்க மறுத்தாலும், பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்களா என்று எழுத்தில் கேட்கலாம். எலக்ட்ரானிக் ஜர்னலில் நோட்டை நீங்கள் எடுத்ததாகத் தெளிவாக இருந்து, இருப்புக் கணக்கும் சரியாக இருந்தால், உங்கள் கையில் மிச்சம் இருப்பது கேமரா பதிவு மட்டும்தான்.

7. முதன்மை நோடல் அதிகாரி, அவருக்குப் பின்னால் இருக்கும் ஒருவர்

பெரும்பாலான பெரிய வணிக வங்கிகளில் உள் ஒம்புட்ஸ்மேன் என்று ஒருவர் இருக்கிறார். ரிசர்வ் வங்கி விதிப்படி நியமிக்கப்படுபவர். அவரிடம் நாம் நேரடியாகப் புகார் கொடுக்க முடியாது, அதனால் அவர் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் வங்கி ஒரு புகாரை முழுதாகவோ பாதியாகவோ நிராகரிக்க நினைத்தால், உங்களுக்கு இறுதிப் பதில் அனுப்பும் முன் அதைத் தானாகவே அவர் பார்வைக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்த பிறகு வரும் பதிலில், உள் ஒம்புட்ஸ்மேன் பரிசீலித்தார் என்று குறிப்பிடவும் வேண்டும்.

எனக்கு ஏப்ரல் 4 அன்று வந்த கடிதத்தில் அந்த வரி இல்லை. ஏப்ரல் 6 அன்று முதன்மை நோடல் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் மூன்றே கேள்வி வைத்தேன். எலக்ட்ரானிக் ஜர்னலைப் பார்த்தீர்களா, நகல் எங்கே? அடுத்த பணநிரப்பலில் மிகை இருந்ததா? என் புகாரை நிராகரிக்கும் முன் உள் ஒம்புட்ஸ்மேனுக்கு அனுப்பினீர்களா, எந்தத் தேதியில்? கடைசியில் ஒரு வரி: எழுத்துப் புகார் கொடுத்தது மார்ச் 16, 30 நாள் ஏப்ரல் 15 அன்று முடிகிறது, அதன் பிறகு ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் பதிவு செய்வேன்.

தொனியில் கவனம் தேவை. மிரட்டல், பத்திரிகை, வக்கீல் நோட்டீஸ் எதையும் நான் தொடவில்லை. தேதியும் கேள்வியும் மட்டும். அதிகாரி பதில் எழுத வேண்டிய கட்டாயத்தை அந்தக் கேள்விகளே உண்டாக்கும். வசவு இருந்தால் அவர் வசவுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 10 அன்று முதல்முறையாக ஒரு மனிதர் போனில் பேசினார், எந்த மெஷின் என்று கேட்டார். போட்டோ அனுப்பினேன். 14-ஆம் தேதி பத்தாயிரம் வந்தது. பிறகு வந்த கடிதத்தில், இருபது ஐந்நூறு ரூபாய் நோட்டு எடுக்கப்பட்டதும் அதற்கடுத்த வரியில் மூடிப் பிழையும் பதிவாகியிருப்பதாக எழுதியிருந்தார்கள். ஒரு மாதமாக அந்த வரி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஒரு திருத்தம், அவசரக்காரர்களுக்கு. வங்கிக்குப் புகாரே கொடுக்காமல் நேராக ரிசர்வ் வங்கித் தளத்தில் போட்டால் ஏற்கமாட்டார்கள். அதேபோல, எல்லாப் படியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வங்கி உங்கள் புகாரை நிராகரித்து எழுதிவிட்டாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ, அதன் பின் நீங்கள் வெளியே போகலாம். நான் வெளியே போகாமல் மேலே போனதற்குக் காரணம், கையில் இன்னும் பத்து நாள் இருந்ததுதான்.

8. அசல் வந்த பிறகு இழப்பீடு

வங்கி தானாகவே போட வேண்டிய பணம் இது. எனக்குப் போடவில்லை. கணக்கு எளிது: மார்ச் 3 நடந்த நாள், 5 நாள் அவகாசம் மார்ச் 8 வரை. மார்ச் 9 முதல் 31 வரை 23 நாள், ஏப்ரலில் 14 நாள், மொத்தம் 37. ரூ. 3,700.

அசல் வந்த மறுநாள் கிளையிலிருந்து அழைத்து, 'திருப்தி' என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டிருந்தால் புகார் முழுசாகத் தீர்ந்ததாகி இருக்கும். காகிதத்தை வாங்கி, அச்சடித்த வரியை அடித்துவிட்டு, 'அசல் ரூ. 10,000 மட்டும் பெற்றுக்கொண்டேன், தாமத இழப்பீடு ரூ. 3,700 நிலுவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்புறம் முத்திரையை அவரே எடுத்துக் குத்தி, நகலை என் கையில் கொடுத்தார். அந்த நகலை இணைத்து முதன்மை நோடல் அதிகாரிக்கு அதே பழைய மின்னஞ்சல் தொடரில் இரண்டு வரி எழுதினேன். ஒரு வாரத்தில் 3,700 கணக்கில் ஏறியது.